மழைக்குக் குறைவு, ஸ்ட்ரைக்குக்கு அதிகம்: மருந்துக் கடையில் இருப்பை எப்படி வைப்பது?

கேள்வி: ஐயா, தாம்பரம் பக்கம் முடிச்சூரில் எட்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். 2023 மிக்ஜாம் புயலில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கீழ் இரண்டு தட்டு மருந்தும் போச்சு. நாலு நாள் கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினும் போச்சு. பில் போடும் கம்ப்யூட்டரும் நனைந்துவிட்டது. இன்சூரன்ஸில் பாதிகூட வரவில்லை. இந்த முறை மழைக்கு முன்னாலேயே ஒரு திட்டம் எழுதி வைக்க நினைக்கிறேன். லாரி ஸ்ட்ரைக், நீண்ட மின்வெட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டாக் சுமார் 9 லட்ச ரூபாய்க்கு இருக்கும். கடையில் நானும் ஒரு பையனும்தான்.

பதில்: வணக்கம் அம்மா. இரண்டே பேர் நடத்தும் கடைக்கு நாற்பது பக்கத் திட்டம் வேண்டாம். ஒரு தாளின் இரு பக்கம் போதும். ஆனால் எழுத உட்காருவதற்கு முன் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரைக் வந்தால் கையில் சரக்கு அதிகம் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் குறைவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே திட்டம் என்று கிளம்புபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அக்டோபரில் பயந்து சரக்கை ஏற்றுகிறார்கள், டிசம்பரில் அதே சரக்கு தண்ணீரில் கிடக்கிறது.

இதற்கு வழி, சரக்கை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் கடந்த மூன்று மாத விற்பனையை எடுத்து, மாதாமாதம் அதே ஆட்கள் வாங்கிப் போகும் மருந்துகளை மட்டும் தனியே குறியுங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, இன்ஹேலர் என்று ஒரு சிறிய கடையில் அறுபது, எழுபது அயிட்டம் தேறும். இவை விலையில் பெரிது, இடத்தில் சிறிது. ஒரு மாத விற்பனைக்கான அளவு மூன்று நான்கு பிளாஸ்டிக் கிரேட்டில் அடங்கிவிடும். இவற்றில் மட்டும் 45 நாள் இருப்பு வையுங்கள். மீதமுள்ள சிரப், சத்துமாவு, டயப்பர், சோப்பு, ஷாம்பூ, குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் இடத்தை அடைப்பவை, ஒரு வாரம் இல்லாவிட்டாலும் யார் உயிருக்கும் ஆபத்தில்லாதவை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை இவற்றை ஒரு வார இருப்புக்கு இறக்கிவிடுங்கள். மொத்த மதிப்பு அதே 9 லட்சத்துக்குள்தான் இருக்கும். ஆனால் தூக்க வேண்டிய பெட்டி பாதியாகக் குறையும்.

பணத்தையும் இதோடு பார்க்க வேண்டும். அக்டோபரில் கூடுதலாக எடுக்கும் சரக்குக்கு மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட் கொடுக்கும் கடன் கெடு மழை நடுவில் வந்து நிற்கும். செப்டம்பரிலேயே தொடங்கி வாரம் கொஞ்சமாகச் சேர்த்தால் கழுத்தை நெரிக்காது. தீபாவளியும் மழைக்காலத்திலேயே வருகிறது. ஸ்டாக்கிஸ்ட் கடைப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவதால் அந்த நாலைந்து நாள் சப்ளை தானாகவே மந்தமாகும். அதையும் ஒரு சின்ன ஸ்ட்ரைக் என்றே கணக்கில் வையுங்கள்.

இனி தண்ணீர். கடைச் சுவரில் 2023 தண்ணீர் நின்ற கறை இன்னும் இருந்தால், அதற்கு ஒரு அடி மேலே பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். அக்டோபர் 15க்குப் பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே மருந்தே இருக்கக்கூடாது. இடமில்லை, வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தட்டில் அடுக்காமல் கைப்பிடி உள்ள கிரேட்டுகளில் வையுங்கள். ஒவ்வொன்றும் நீங்கள் தனியாகத் தூக்கும் எடையில், சுமார் 12 கிலோவுக்குள் இருக்கட்டும். பையன் அன்று லீவாக இருந்தாலும் உங்களால் முடிய வேண்டும். பரணில் ஏற்றுவது அவசரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் அங்கேயே விடாதீர்கள். கான்கிரீட் கூரையை ஒட்டிய பரணில் வெயில் நாளில் சூடு 30 டிகிரிக்கு மேல் எளிதாகப் போகும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சேமிப்பு வெப்பநிலையை அது மீறும்.

எப்போது தூக்குவது என்பதுதான் திட்டத்தின் உயிர். உங்கள் பகுதியில் பலர் டிவியில் செம்பரம்பாக்கம் ஏரி திறப்புச் செய்திக்காகக் காத்திருக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேல்பக்கம். உங்களுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதும், உங்கள் தலைமேலேயே பெய்யும் மழையும்தான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆகவே செம்பரம்பாக்கம் செய்தி வரும்போது உங்கள் கடை ஏற்கெனவே நனைந்திருக்கலாம். உங்களுக்கு இரண்டு அடையாளம் போதும். வானிலை மையம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் கொடுத்தால், அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்த்தால், அன்று மாலையே கோட்டுக்குக் கீழே இருப்பதை ஏற்றிவிடுங்கள். ஆரஞ்சு அலர்ட் என்றால், மண்ணிவாக்கம் பக்கம் குடியிருக்கும் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் கேளுங்கள்: ஏரி வழிகிறதா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு? வழிகிறது என்றால் ஏற்றுங்கள். மூன்று முறை ஏற்றி ஒரு முறைதான் தண்ணீர் வரும். அந்த இரண்டு வீண் வேலைக்கும் சேர்த்துத்தான் கிரேட்டை இலேசாக வைக்கச் சொல்கிறேன்.

அடுத்தது ஃபிரிட்ஜ். நஷ்டம் வாடிக்கையாளர் உடம்பில் போய் முடியக்கூடிய இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தடுப்பூசிகள், சில கண் சொட்டு மருந்துகள், ஆக்ஸிடோசின் ஊசி எல்லாம் அதே கதைதான். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பவர்கள் அதிகம். மூடியே வைத்தால் வீட்டு வகை ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு என்ன என்பதை முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தால் கணக்கு இப்படி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று காகிதத்தில் 1,800 வாட்-ஹவர் தரும். பழைய பேட்டரி, இன்வெர்ட்டரில் போகும் நஷ்டம் எல்லாம் கழித்தால் 1,100 கையில் நிற்கும். 250 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடி நின்று ஓடுவதால் சராசரியாக 60 வாட் எடுக்கிறது என்று வைத்தால், ஃபிரிட்ஜ் மட்டும் போட்டால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் வரும். கம்ப்யூட்டர், பிரின்டர், ஃபேன், லைட் என்று இன்னொரு 200 வாட் சேர்த்தால் நாலு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள். இரவு கடையைப் பூட்டும்போது மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் ஓட விடலாம். கம்ப்ரஸர் கிளம்பும்போது அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் 900 விஏவுக்குக் குறையாத சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பல கடைகளில் தவறாக இருப்பது: பேட்டரி தரையில், டிராலியில் நிற்கும். வெள்ளத்தில் முதலில் போவது அதுதான். அதையும் பெயின்ட் கோட்டுக்கு மேலே, கான்கிரீட் மேடை கட்டி ஏற்றுங்கள்.

நாலு நாள் மின்வெட்டை எந்த இன்வெர்ட்டரும் தாங்காது. கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு ஐஸ் பெட்டிதான். தடுப்பூசி எடுத்துச் செல்லும் கேரியர் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் கனமான, மூடி இறுகப் பொருந்தும் தெர்மோகோல் பெட்டி. ஐஸ்பேக் இரண்டு செட் எப்போதும் ஃப்ரீசரில் உறைந்தே இருக்கட்டும். இதில் நடக்கும் பெரிய தவறு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை நேராக இன்சுலின் மேல் வைப்பது. சூட்டில் இன்சுலின் மெதுவாகத்தான் வலு இழக்கும். உறைந்தால் ஒரேயடியாகக் கெட்டுவிடும். ஐஸ்பேக்கை வெளியில் வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை காத்திருங்கள். பிறகு பெட்டிக்குள் சுற்றிலும் அடுக்கி, நடுவே அட்டை வைத்து, மருந்தை அதன் சொந்தப் பெட்டியோடே உள்ளே வையுங்கள். ஒயரோடு வரும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டும், திரை வெளியே. மிகக் குறைந்த, மிக அதிக அளவை நினைவில் வைக்கும் வகையாக வாங்குங்கள். 2க்குக் கீழே இறங்கினால் ஒரு ஐஸ்பேக்கை வெளியே எடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அளவை நோட்டில் எழுதுங்கள்.

இந்த நோட்டை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கெட்டுப்போன இன்சுலின் பெரும்பாலும் முகத்தில் காட்டாது. தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலோ, நூல் நூலாகத் தெரிந்தாலோ எறிந்துவிடலாம். பால் போன்ற வகையை உள்ளங்கையில் உருட்டினால் கட்டி கரையாமல் நின்றாலும் அப்படியே. ஆனால் சூட்டில் வலு இழந்த இன்சுலின் பார்க்க நன்றாகவே இருக்கும். வாங்கிப்போன பெரியவருக்குச் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று டாக்டருக்கும் புரியாது. நோட்டில் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று இருந்தால் கம்பெனியிடம் கேட்டு முடிவெடுக்கலாம். நோட்டு இல்லையென்றால் விற்காதீர்கள். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும் என்பது நோயாளி கையில் உள்ள மருந்துக்கான கணக்கு. அதைக் காட்டி, கடையில் சூடு பட்டதைத் திரும்பக் குளிர வைத்து விற்பது சரியில்லை.

பக்கத்து ஊரில் கரண்ட் உள்ள மருந்துக் கடை ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் லைசென்ஸ் உங்கள் கடை முகவரிக்கு. பெட்டியை டேப் போட்டு ஒட்டி, மேலே உங்கள் கடைப் பெயர், 'விற்பனைக்கு அல்ல', பேட்ச் எண், எண்ணிக்கை எழுதி, மருந்து ஆய்வாளரிடம் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, அவர் சரி என்ற பிறகு வையுங்கள். இடமாற்றத்துக்குக் காரணம் எழுத்தில் இருந்தால் பின்னால் கேள்வி வரும்போது காட்டலாம். அங்கிருந்து விற்கக் கூடாது.

இதையெல்லாம் குறைக்க ஒரு சுலப வழி, மழைக்கு முன்பே மருந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடுவது. நிரந்தரமாக மருந்து எடுப்பவர்கள் பட்டியலை செப்டம்பர் கடைசியில் எடுங்கள். பெயர், போன், மருந்து, கடைசியாக வாங்கிய தேதி. சீட்டு செல்லுபடியாக இருப்பவர்களுக்கு, ‘அடுத்த மாத மருந்தையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போன் செய்யுங்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு முதலில். இவற்றை ஒரு நாள் விட்டாலே பிரச்சினை. சீட்டு காலாவதியானவர்களை டாக்டரிடம் போகச் சொல்ல அப்போது அவகாசம் இருக்கும். ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரையும் போட்டு மருந்துப் பெயர் எழுதாதீர்கள். யாருக்கு என்ன நோய் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்டில் தனித்தனியாகப் போகட்டும். பட்டியலைக் காகிதத்திலும் வையுங்கள். மூன்றாம் நாள் உங்கள் போனிலும் சார்ஜ் இருக்காது.

ஸ்ட்ரைக் வேறு மாதிரி. 2018 ஜூலையில் லாரி உரிமையாளர்கள் நாடு முழுக்க எட்டு நாள் நிறுத்தினார்கள். அப்படி ஒன்று வந்தால் முதல் மூன்று நாள் எதுவும் தெரியாது, ஏனென்றால் ஸ்டாக்கிஸ்ட் குடோனில் சரக்கு இருக்கும். நாலாம் நாளிலிருந்து வேகமாகப் போகும் அயிட்டங்களை அவர் பழைய வாடிக்கைக் கடைகளுக்கு மட்டும் அளந்து கொடுக்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் புதிதாக ஒரு ஸ்டாக்கிஸ்டைத் தேடிப் போனால் கதவு திறக்காது. இப்போதே இரண்டாவது ஸ்டாக்கிஸ்டிடம் லைசென்ஸ் நகல், ஜிஎஸ்டி எண் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, மாதம் ஒரு சின்ன பில்லாவது எடுத்து வாருங்கள். முதல் ஆள் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் என்றால் இரண்டாவது செங்கல்பட்டு திசையில் இருக்கட்டும்; ஒரே வெள்ளத்தில் இருவரும் மாட்டக் கூடாது. பக்கத்துச் சில்லறைக் கடையில் மொத்தமாக வாங்கி விற்காதீர்கள். சில்லறை லைசென்ஸ்காரர் மறுவிற்பனைக்குக் கொடுப்பது மொத்த வியாபாரம், அதற்கு 20பி, 21பி லைசென்ஸ் வேண்டும். அங்கே மருந்து இருந்தால் வாடிக்கையாளரையே அனுப்பிவிடுவது நல்லது. இன்று அனுப்பினால் நாளை அவரும் அனுப்புவார்.

கணக்குகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் பேக்கப் எடுத்து அந்தப் பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால் அது பேக்கப் இல்லை. இரவு பேக்கப் தானாக இணையத்துக்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறை வீட்டு லேப்டாப்பில் திறந்து பார்த்து, உண்மையிலேயே திறக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சில ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரை விற்பனையை எழுதும் எச்1 பதிவேடு மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டியது. எழுதிய பக்கங்களை வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து மெயிலில் போட்டு, நோட்டை ஜிப் கவரில் மேல் தட்டில் வையுங்கள். மாதக் கடைசியில் ஸ்டாக் ஸ்டேட்மென்டை உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத நாளுக்குத் தனி வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்று, பேட்ச் எண், காலாவதித் தேதி எழுதும் கட்டத்தோடு. யுபிஐ வேலை செய்யாது என்பதால் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பத்து, இருபது, ஐம்பது நோட்டுகள் தனி டப்பாவில்.

இன்சூரன்ஸில் பாதிகூட வராததற்குக் காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசியாக இருக்கும், கடன் தொகைக்குத்தான் எடுத்திருப்பார்கள். ஸ்டாக் 9 லட்சம், பாலிசி 4 லட்சம் என்று வையுங்கள். நஷ்டம் 1,80,000. முழு நஷ்டமும் பாலிசித் தொகைக்குள்தானே இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் நீங்கள் ஒன்பதில் நாலு பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று கணக்கிட்டு 80,000 கொடுப்பார்கள், அதிலும் கழிவு போகும். ஓரிடத்தில் உள்ள சொத்து, சரக்கு மதிப்பு 5 கோடிக்குள் உள்ள வியாபாரங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் உள்ள ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் புயல், வெள்ளம் அடக்கம். 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தாலும் வெட்ட மாட்டார்கள். ஆண்டின் மிக அதிக இருப்பு எவ்வளவோ அந்தத் தொகைக்கு எடுங்கள். அதில் ஜிஎஸ்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் உங்கள் நஷ்டம்தான். மின்வெட்டால் ஃபிரிட்ஜில் கெட்ட மருந்து சாதாரண பாலிசியில் வராது. அதற்கான கூடுதல் கவர் உண்டா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு மெயின் சுவிட்சைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி, ரேக் தொடாமல் அப்படியே இருக்கும்போதே வீடியோ எடுங்கள். கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வரும் முன் எதையும் வெளியே கொட்டாதீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்றால் பேட்ச் எண்ணோடு பட்டியல் எழுதி, மூட்டையாகக் கட்டி ஒதுக்குங்கள். நனைந்த மருந்தை, ஸ்ட்ரிப் உள்ளே உலர்ந்தே இருந்தாலும், விற்காதீர்கள். அதை அழிப்பதற்கும் மருந்து ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்து, மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனம் வழியாக அனுப்புங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் பொறுக்கி எடுத்து உலர்த்தி விற்க ஆள் இருக்கிறது.

எழுதிய தாளை ஷட்டரின் உள்பக்கம் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பையனோடு ஒரு தடவை செய்து பாருங்கள்: கிரேட் ஏற்றுவது, ஐஸ் பெட்டி கட்டுவது, கையில் பில் போடுவது. ஒரு மணி நேரத்துக்குள் முடியவில்லை என்றால் கீழே இன்னும் சரக்கு அதிகம் இருக்கிறது என்று பொருள்.